ராஸ்கலின் சூடும் பாஸ்டர்டின் எடையும்: ஆங்கில வசைச் சொற்களுக்கு ஒரு கைக்கணக்கு

தமிழ்நாட்டில் ஒருவரை முகத்துக்கு நேரே "ராஸ்கல்" என்றால் கைகலப்பு வரை போகும். லண்டனில் ஒரு பாட்டி, பிஸ்கட் டப்பாவுக்குள் கைவிட்ட மூன்று வயதுப் பேரனைப் பார்த்துச் சிரித்தபடி சொல்லும் சொல்லும் அதுதான். வெள்ளைக்கார அதிகாரிகள் காலத்தில் நம்மிடம் வந்த அந்தச் சொல் இங்கே சூடு குறையாமல் இருக்கிறது, அங்கே எப்போதோ ஆறிவிட்டது.

வயது வந்த பிறகு ஆங்கிலம் பழகுகிறவர்களுக்கு வசைச் சொற்களில் நேரும் இடறல் பெரும்பாலும் இதுதான். சொல்லின் பொருள் தெரிந்திருக்கும், எடை தெரிந்திருக்காது. அகராதியும் உதவுவதில்லை. "ஸ்டுபிட்" என்றால் முட்டாள்தனமான, "ஸில்லி" என்றாலும் முட்டாள்தனமான என்றே போட்டிருக்கும். ஸில்லியைச் சக ஊழியரிடம் சொல்லிவிட்டுச் சேர்ந்து டீ குடிக்கலாம். ஸ்டுபிட் என்று சொன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

ஆகவே மிதம், நடுத்தரம், கடுமை என்று மூன்று தட்டு கொண்ட ஒரு கைக்கணக்கை இங்கே வைக்கிறோம். ஆங்கிலம் பேசும் எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது என்பதால் பிரிட்டனை எடுத்துக்கொள்கிறோம். காரணம், அங்கே இதை மக்களிடமே கேட்டு வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். தொலைக்காட்சி, வானொலிகளை ஒழுங்குபடுத்தும் ஆஃப்காம் என்ற அமைப்பு 2016-இல் கிட்டத்தட்ட 150 சொற்களையும் சைகைகளையும் பற்றிப் பொதுமக்களின் கருத்தைத் திரட்டி வெளியிட்டது. பொதுவான வசைகளை அது மிதம், நடுத்தரம், கடுமை, மிகக் கடுமை என நான்காகப் பிரித்தது. அங்கே இரவு 9 மணிக்கு முன்னால் தொலைக்காட்சியில் எதைச் சொல்லலாம் என்று முடிவெடுப்பவர்கள் பார்க்கிற பட்டியல்களில் அது ஒன்று. பழகுகிறவருக்குக் கடைசி இரண்டு தட்டுகளையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளத் தேவையில்லை. இரண்டுமே வாயால் எடுக்கக் கூடாதவை என்பதால் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

மிதமான தட்டில் ஆங்கிலேயர்கள் அன்றாடம் புழங்கும் சொற்கள் நிறைய உண்டு. ஸில்லி, டாஃப்ட், ட்விட், வாலி, மப்பெட், ஸ்காட்லாந்துக்காரர்கள் சொல்லும் நம்ப்டி எல்லாம் இதில் வரும். எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது "மக்கு" அல்லது "அசடு" என்ற பொருள்தான். நம் வீட்டில் "அட மக்கு" என்று சொல்லும்போது அதில் கோபத்தைவிடச் செல்லம் கூடுதலாக இருக்குமே, ஏறக்குறைய அந்த எடைதான். இவற்றில் பாலுறவோ உடலுறுப்போ கழிவோ இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆங்கில வசையில் ஒரு சொல் எந்தத் தட்டில் விழும் என்பதற்கு முதல் அடையாளம் அதுதான். அறிவைக் குறை சொல்லும் சொற்கள் பெரும்பாலும் கீழே நிற்கும். உடலையும் பாலுறவையும் தொடும் சொற்கள் மேலே ஏறும்.

நம் வசை வேறு தடத்தில் ஓடுகிறது. தமிழில் விலங்கின் பெயருக்குச் சூடு அதிகம். "நாயே" என்றால் உறவே முறியலாம். ஆங்கிலத்தில் ஓர் ஆணை நாய் என்று திட்டுவது இன்று வழக்கிலேயே இல்லை என்று சொல்லலாம். கழுதை என்றால் மக்கு, அவ்வளவுதான். பன்றி என்றால் அதிகம் தின்பவர் அல்லது நாகரிகமில்லாதவர். ஒரு பெண்ணைப் "பசு" என்று சொல்வது மட்டும் நமக்கு வியப்பாக இருக்கும். நம் காதுக்கு அது பாராட்டு போலக் கேட்கும், அங்கே அது வசை. ஆஃப்காம் பட்டியலில் "கௌ" மிதமான தட்டில்தான் இருக்கிறது. ஆனாலும் முன்னால் "ஸ்டுபிட்" சேர்ந்து "ஸ்டுபிட் கௌ" என்று வந்தால் வெறுப்பு கலந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

"ப்ளடி" என்ற சொல்லும் மிதத்தில்தான் இருக்கிறது. இது தனியாக ஒரு வசை அல்ல. அடுத்து வரும் சொல்லை அழுத்தும் கருவி. 1914-இல் பெர்னார்ட் ஷாவின் பிக்மேலியன் நாடகம் லண்டன் மேடையேறியபோது கதாநாயகி அந்த ஒரு சொல்லைச் சொன்னது நாடே பேசிய செய்தியாயிற்று. இன்றைக்கு மழை பெய்தால் "ப்ளடி வெதர்" என்று யார் வேண்டுமானாலும் முணுமுணுப்பார்கள். தமிழ்க் காதுக்கு மட்டும் "ப்ளடி" இன்னும் பழைய வேகத்தோடு கேட்கிறது. மேலதிகாரி "வேர் இஸ் தட் ப்ளடி ஃபைல்?" என்று தேடினால் அவர் உங்களைத் திட்டவில்லை, கோப்பு கிடைக்காத சலிப்பைச் சொல்கிறார். முகம் வாட வேண்டியதில்லை.

அடுத்து வருபவை "ஸ்டுபிட்", "இடியட்" என்ற இரண்டு சொற்கள். எங்கள் பார்வையில் தமிழர்கள் அதிகமாகத் தவறும் இடம் இதுதான். நம் பேச்சில் ஸ்டுபிட் என்பது ஆசிரியர் மாணவனிடமும் அண்ணன் தம்பியிடமும் போகிறபோக்கில் சொல்வது. அதைத் தமிழ்ச் சொல்லாகவே நினைத்துப் பேசுகிறோம். பிரிட்டனில் சிறு குழந்தைகளுக்கு "அது நல்ல வார்த்தை இல்லை" என்று சொல்லித் திருத்தும் சொற்களில் அதுவும் ஒன்று. ஒளிபரப்புப் பட்டியல்காரர்கள் அதைக் கெட்ட வார்த்தையாக எண்ண மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் நேருக்கு நேர் பெரியவர் ஒருவரிடம் "யூ ஆர் ஸ்டுபிட்" என்றால் அது நடுத்தரத் தட்டின் வேலையைச் செய்துவிடும். "உனக்கு மூளை வளர்ச்சி இல்லை" என்று தீர்ப்புச் சொன்னதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். நம் ஸ்டுபிட்டின் எடைக்கு அங்கே ஈடான சொல் "ஸில்லி". நாக்கு நுனியில் ஸ்டுபிட் வரும்போதெல்லாம் ஸில்லியைப் போட்டுப் பழகினால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

இடியட்டின் கதை வேறு. இங்கிலாந்தில் 1913-இல் வந்த மனக்குறைபாட்டுச் சட்டம் இடியட், இம்பெசைல் என்ற சொற்களைச் சட்டப் பிரிவுகளின் பெயராகவே வைத்திருந்தது. அறிவு வளர்ச்சி மிகக் குறைந்தவர்களை இடியட் என்றும் அதற்கு அடுத்த நிலையினரை இம்பெசைல் என்றும் பதிவு செய்தார்கள். 1959-இல் வந்த மனநலச் சட்டம் அந்தப் பிரிவுகளை எடுத்துவிட்டது. சட்டத்திலிருந்து வெளியேறிய இடியட் இன்று மிதத்தின் மேல் விளிம்பில் நிற்கிறது. தன்னைத்தானே "ஐ ஆம் ஸச் அன் இடியட்" என்று சொல்லிக்கொள்ளாத ஆங்கிலேயர் அரிது. தன்னைச் சொல்லும்போது அதற்கு எடையே இல்லை. பிறரைச் சொல்லும்போதுதான் யோசிக்க வேண்டும்.

நடுத்தரத் தட்டில் ஷிட், ஆர்ஸ்ஹோல், பிட்ச், பாலக்ஸ், புல்ஷிட் போன்றவை இருக்கின்றன. இதற்குள் இரண்டு வகை உண்டு. ஷிட்டும் பாலக்ஸும் ஆளைக் குறிக்காமலும் வரும். சாவியை மறந்தவர் "ஓ ஷிட்" என்பார். ஒரு செய்தியை நம்பாதவர் "தட்ஸ் பாலக்ஸ்" என்பார். அவை கொச்சை, அவ்வளவுதான். யாரையும் புண்படுத்தவில்லை. ஆர்ஸ்ஹோலும் பிட்ச்சும் நேராக ஆள்மேல் விழுபவை. ஆர்ஸ்ஹோல் என்றால் முட்டாள் என்று பொருள் கொள்ளக் கூடாது. பிறரை மதிக்காத, தெரிந்தே கெடுதல் செய்கிற ஆள் என்று அர்த்தம். அறிவைப் பற்றிய வசைக்கும் குணத்தைப் பற்றிய வசைக்கும் உள்ள வேறுபாடு இது. மப்பெட் என்றால் கவனமில்லாமல் செய்தவன், ஆர்ஸ்ஹோல் என்றால் வேண்டுமென்றே செய்தவன். தவறுதலாகக் காலை மிதித்தவரை ஆர்ஸ்ஹோல் என்றால் எடை மட்டுமல்ல, பொருளும் தப்பு.

"பாஸ்டர்ட்" என்ற சொல்லுக்குச் சற்று இடம் ஒதுக்க வேண்டும். தமிழில் தாயின் ஒழுக்கத்தைத் தொடும் வசைக்கு மேல் வசை இல்லை. அதனால் தகப்பன் பெயர் தெரியாதவன் என்ற நேர்ப்பொருளோடு பாஸ்டர்டைக் கேட்கும் தமிழர், தன் தாயைச் சொல்லிவிட்டதாகவே கொதிப்பார். பிரிட்டனில் இன்று அந்தப் பொருள் பேசுபவர் மனத்திலேயே இருப்பதில்லை. கெட்டவன், கொடியவன் என்ற அளவில்தான் சொல்கிறார்கள். அதே சமயம் ஆஃப்காம் பட்டியலில் அது கடுமையான தட்டில் இருக்கிறது. ஆகவே "இது ஒன்றுமில்லாத சொல்" என்று எண்ணிவிடவும் கூடாது.

எந்தச் சொல்லுடன் சேர்ந்து வருகிறது என்பதுதான் அதன் எடையைத் தீர்மானிக்கும். "லக்கி பாஸ்டர்ட்" என்றால் அதிர்ஷ்டக்காரன் என்ற பொறாமை கலந்த பாராட்டு. "புவர் பாஸ்டர்ட்" என்றால் ஐயோ பாவம் என்ற இரக்கம். "யூ பாஸ்டர்ட்" என்று உங்களைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் அதுதான் முழு வசை. முன்னால் லக்கியும் புவரும் வரும்போது உங்கள் அம்மாவை யாரும் சொல்லவில்லை. நீங்கள் இந்தச் சொல்லை எந்த வடிவத்திலும் பயன்படுத்த வேண்டாம். காதில் விழும்போது முன்னால் நிற்கும் சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடுமையான தட்டில் டிக்ஹெட், ப்ரிக், ட்வாட், வேங்கர் போன்றவையும், உச்சியில் ஃபக், கன்ட் ஆகிய இரண்டும் இருக்கின்றன. எல்லாமே பாலுறுப்பும் பாலுறவும் சார்ந்தவை. இவற்றுக்கு ஒவ்வொன்றாக விளக்கம் தேவையில்லை. கேட்டால் கடுமை என்று தெரிந்தால் போதும். ஆனால் ட்வாட் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு, ஏனென்றால் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இதில் சறுக்குகிறார்கள். மிதமான ட்விட்டுக்கும் கடுமையான ட்வாட்டுக்கும் ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். 2009-இல் டேவிட் கேமரன் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது, காலை நேர வானொலிப் பேட்டி ஒன்றில் ட்விட்டர் பற்றிய சொல் விளையாட்டில் ட்வாட் என்று சொல்லிவிட்டு, பிறகு வருத்தம் தெரிவித்தார். அது பெண்ணுறுப்பைக் குறிக்கும் சொல் என்று தெரியாமல், ட்விட்டின் இன்னொரு வடிவம் போல எண்ணிச் சொல்பவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

சொல்லின் பிறப்பை வைத்து மட்டும் எடை போடவும் முடியாது. "பர்க்" என்று ஒரு மிதமான சொல் இருக்கிறது. தாத்தா பாட்டிகள்கூடத் தயங்காமல் சொல்வார்கள். அது லண்டன் கிழக்குப் பகுதிக்காரர்களின் எதுகைக் கொச்சையில் பிறந்தது. சொல்ல நினைத்த சொல்லுக்கு எதுகையாக ஒரு சொற்றொடரை எடுத்து, பிறகு எதுகைப் பகுதியையே விட்டுவிடுவது அந்தக் கொச்சையின் வழக்கம். ஒரு வேட்டைக் குழுவின் பெயரில் வரும் "ஹன்ட்" என்ற சொல் "கன்ட்" என்பதற்கு எதுகை. ஹன்ட் உதிர்ந்து, பெயரின் முதல் பாதியிலிருந்து பர்க் மட்டும் மிஞ்சியது. உச்சியில் இருக்கும் சொல்லின் பேரப்பிள்ளை அடித்தட்டில் உட்கார்ந்திருக்கிறது. வேரை யாரும் நினைக்காவிட்டால் சூடு போய்விடும்.

இதுவரை சொன்னது சொல்லின் அடிப்படை எடை. வாக்கியத்தில் வைக்கும்போது அது ஒரு தட்டு ஏறும் அல்லது இறங்கும். ஒரு நிகழ்ச்சியை வைத்துப் பார்ப்போம். ஓர் உணவுக் கிடங்கில் ஒருவர் குளிரறையின் கதவை இரவு முழுவதும் திறந்து போட்டுவிட்டார். காலையில் பால் எல்லாம் கெட்டுக் கிடக்கிறது. உடன் வேலை செய்பவர் அவரிடம் என்னென்ன சொல்லலாம்?

"தட் வாஸ் எ ஸில்லி திங் டு டூ." இது செயலைச் சொல்கிறது, ஆளைச் சொல்லவில்லை. "செய்த காரியம் அசட்டுத்தனம்" என்பது போல. மிதத்திலும் மிதம்.

"யூ ஆர் எ பிட் ஆஃப் எ மப்பெட், ஆரன்ட் யூ?" இப்போது ஆளைத் தொட்டாயிற்று. ஆனால் "எ பிட் ஆஃப்" என்ற முன்னொட்டும், முடிவில் வரும் கேள்வியும் சேர்ந்து கூர்மையை மழுக்கிவிட்டன. கேட்பவர் சிரித்துத் தலையில் அடித்துக்கொள்ள இடம் கிடைக்கிறது. இதுவும் மிதம்.

"யூ இடியட்!" பாலைப் பார்த்த அதிர்ச்சியில் வாயிலிருந்து வந்தது. மிதத்தின் மேல் விளிம்பு. அந்த நொடியோடு போய்விடும்.

"யூ ஆர் அன் இடியட்." சொற்கள் கிட்டத்தட்ட அவையே. ஆனால் இது மேலே ஏறிவிட்டது. நம்மவர்கள் முழு வாக்கியமாகப் பேசினால் மரியாதை கூடும் என்று நினைப்பது இயல்பு, இலக்கண வகுப்பில் அப்படித்தான் பழகியிருப்போம். வசையில் அது தலைகீழ். துண்டாக வருவது உணர்ச்சி. முழு வாக்கியமாக, எழுவாயும் பயனிலையுமாக, அமைதியான குரலில் வருவது தீர்ப்பு. "நீ எப்போதுமே இப்படித்தான்" என்ற பொருள் அதில் வந்துவிடுகிறது. இது நடுத்தரம்.

அதே வாக்கியத்தில் "பீயிங்" என்ற ஒரு சொல்லைச் செருகி "யூ ஆர் பீயிங் அன் இடியட்" என்று பாருங்கள். உடனே இறங்குகிறது. "இப்போது நீ நடந்துகொள்வது அப்படி இருக்கிறது" என்று அந்த நேரத்தோடு நிற்கிறது, ஆளின் இயல்பைச் சொல்லவில்லை. பழகுகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள ஒரே ஒரு சொல்லை எங்களால் சொல்ல முடியாது.

"யூ ப்ளடி இடியட்." அழுத்தக் கருவி சேர்ந்தது, மிதமான இரண்டும் கூடி நடுத்தரம். "யூ ஃபக்கிங் இடியட்." கடுமை. கூட வந்த சொல் இடியட்டைவிடக் கனமாக இருந்தால் அதைத் தன் தட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். ஆளைத் திட்டும் வாக்கியத்தின் எடை குறைந்தது அதிலுள்ள மிகக் கனமான சொல்லின் எடை என்று வைத்துக்கொள்ளலாம். கிடங்கிலோ கட்டுமான இடத்திலோ ஃபக்கிங் என்ற சொல் நாளெல்லாம் காதில் விழும். "இட்ஸ் ஃபக்கிங் கோல்ட்" என்றால் குளிர்கிறது என்றுதான் பொருள், யாரையும் குறிக்கவில்லை. "யூ" என்ற சொல்லுக்குப் பின்னால் அது வருகிறதா என்று மட்டும் கேளுங்கள். வந்தால் அது உங்களுக்கு.

இதே வாக்கியங்களை மேற்பார்வையாளர் தனக்குக் கீழே உள்ளவரிடம் சொன்னால் ஒவ்வொன்றும் ஒரு தட்டு ஏறும், ஏனென்றால் கேட்பவரால் திருப்பிச் சொல்ல முடியாது. வாட்ஸப்பிலோ மின்னஞ்சலிலோ வந்தாலும் ஒரு தட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். முகமும் குரலும் போன பிறகு மப்பெட்டிலிருந்த சிரிப்பு போய்விடும், மக்கு மட்டும் மிஞ்சும்.

நண்பர்களுக்கிடையில் எல்லாம் இறங்கும். பிரிட்டனில் இதற்குப் "பான்டர்" என்று பெயர். நெருங்கிய நண்பர்கள் கடுமையான தட்டிலிருந்தே எடுத்து வீசிக்கொள்வார்கள், நம் ஊர் கல்லூரி நண்பர்கள் "டேய்" போட்டுப் பேசுவதற்கும் மேலே. புதிதாகச் சேர்ந்தவர் இதைப் பார்த்து அதே சொல்லைத் தானும் எடுக்கக் கூடாது. அந்தத் தள்ளுபடி அவர்களுக்கிடையில் பல ஆண்டுகளில் சேர்ந்தது, உங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. இது நட்புக் கேலியா, தொல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. வசை இரண்டு பக்கமும் போகிறதா என்று பாருங்கள். எப்போதும் ஒருவரே வீச, ஒருவரே வாங்கிக்கொண்டிருந்தால், எல்லோரும் சிரித்தாலும் அது பான்டர் இல்லை.

மூன்று தட்டுக்கும் வெளியே நிற்கும் சொற்கள் சில உண்டு. ஒருவரின் இனம், நிறம், மதம், உடல்நிலை, பாலினம் ஆகியவற்றைக் குறித்துச் சொல்பவை. இவற்றுக்கு மிதமான வடிவம் கிடையாது, நண்பர்களுக்கிடையிலான தள்ளுபடியும் கிடையாது. உடல் ஊனத்தைக் குறித்த ஒரு சொல்லின் கதியைப் பார்த்தால் இது விளங்கும். "ஸ்பாஸ்டிக்" என்பது மூளை முடக்குவாதத்துக்கான மருத்துவச் சொல்லாக இருந்தது. பிரிட்டனில் அந்தப் பாதிப்பு உள்ளவர்களுக்காக இயங்கிய பெரிய தொண்டு நிறுவனத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. பள்ளிச் சிறுவர்கள் அதை வசையாக்கி எங்கும் பரப்பியதால், 1994-இல் அந்த நிறுவனம் தன் பெயரையே ஸ்கோப் என்று மாற்றிக்கொண்டது. "ரிடார்ட்" என்பதும் அதே வழியில் போய்விட்ட சொல்தான். பழைய பாடப் புத்தகத்தில் மருத்துவப் பொருளில் படித்தேன் என்று சொல்லி இவற்றைப் பயன்படுத்த முடியாது.

பிரிட்டனில் வாழும் தமிழர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சொல் "பாக்கி". பாகிஸ்தான் என்ற பெயரின் சுருக்கம் போலத் தோன்றும். "நான் பாகிஸ்தானி இல்லையே, இவருக்கு ஊர் தெரியவில்லை" என்று நினைத்து நகர்ந்துவிடுபவர்கள் உண்டு. சொல்பவருக்கு உங்கள் ஊர் பற்றி அக்கறை இல்லை. தெற்காசிய முகம் உள்ள எல்லோர் மீதும் வீசப்படும் இன வசை அது. 1970-களில் அந்தச் சொல்லைக் கூவிக்கொண்டே தெருவில் ஆட்களை அடித்தார்கள். அதனால் சிரித்துக்கொண்டே சொன்னாலும், கடையைக் குறிக்க மட்டும் சொன்னாலும் அதன் எடை குறையாது. வேலையிடத்தில் இப்படிப்பட்ட சொல் வந்தால், 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் சொன்னவரின் நோக்கத்தை மட்டும் பார்ப்பதில்லை, கேட்டவர் மீது ஏற்பட்ட விளைவையும் பார்க்கிறது. "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்பது அங்கே போதுமான பதில் அல்ல.

இந்தக் கணக்கை விமானத்தில் ஏற்றி வேறு நாட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அமெரிக்காவில் ப்ளடியும் வேங்கரும் பிரிட்டிஷ் வாடை அடிக்கும் வேடிக்கைச் சொற்கள். "ஃபேனி" அமெரிக்காவில் பின்புறத்தைக் குறிக்கும் குழந்தைத்தனமான சொல், பிரிட்டனில் பெண்ணுறுப்பு. இலங்கை ஆங்கிலத்தில் "பகர்" என்றால் பல நேரம் "ஆள்" என்றுதான் பொருள், "அந்த ஆள் நல்லவன்" என்பதற்கே அதைப் போடுவார்கள். கொழும்பிலிருந்து லண்டன் போகிறவர் அங்கே முன்பின் தெரியாதவரை அப்படிச் சொன்னால், மிதமான தட்டிலாவது அது வசையாக விழும்.

உச்சரிப்பில் ஒன்றே ஒன்று. ஷீட், பீச், பீஸ் ஆகிய மூன்றிலும் நெடிலைக் குறிலாக்கினால் மூன்றும் கொச்சையாகிவிடும். பிரிட்டிஷ் முறையில் "முடியாது" என்பதற்கான "கான்ட்" குறுகினால் உச்சித் தட்டுக்கே போய்விடும். குறில் நெடில் வேறுபாடு தமிழரின் காதில் பிறவியிலேயே இருக்கிறது. "பல்" என்பதையும் "பால்" என்பதையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. வேகமாகப் பேசும்போது ஒரு மாத்திரையை விழுங்காமல் நெடிலை முழுதாக இழுத்தால் போதும். தயக்கமாக இருந்தால் "கான்ட்" வேண்டாம், "கனாட்" என்று விரித்துச் சொல்லிவிடுங்கள்.

பேசுவதற்கு மிதமான தட்டே போதும். அதிலும் ஸில்லி, டாஃப்ட் இரண்டோடு நிறுத்திக்கொண்டு, முதல் ஓராண்டு அவற்றைச் செயலைக் குறிக்க மட்டும் பயன்படுத்தலாம். நடுத்தரமும் கடுமையும் காதுக்கு மட்டும். உங்களை நோக்கி ஒன்று வந்தால் தமிழில் தோன்றும் பதிலை மொழிபெயர்க்க முயலாதீர்கள். அவசரத்தில் எடை தவறும். "ஐ பெக் யுவர் பார்டன்?" என்று நிதானமாகக் கேட்டால் சொன்னவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும். பெரும்பாலோர் அங்கேயே பின்வாங்குவார்கள். மீண்டும் சொன்னால் "ப்ளீஸ் டோன்ட் ஸ்பீக் டு மீ லைக் தட்" என்ற ஒரே வாக்கியம், குரலை உயர்த்தாமல்.

வேலையிடத்தில் அது தொடர்ந்தால் அன்றைக்கே எழுதி வையுங்கள். தேதி, மணி, யார் பக்கத்தில் இருந்தார்கள், பிறகு முழு வாக்கியம். "கெட்ட வார்த்தை சொன்னார்" என்று எழுதினால் படிக்கும் மேலாளருக்கு அது ப்ளடியா, பாஸ்டர்டா, இனத்தைச் சொன்ன சொல்லா என்று தெரியாது. "யூ" இருந்ததா, "பீயிங்" இருந்ததா, முன்னால் எந்தச் சொல் வந்தது என்பது வரை கேட்டபடியே, எழுதக் கூசினாலும் ஓர் எழுத்தைக்கூடப் புள்ளி வைத்து மறைக்காமல் எழுதுங்கள்.